வளாகத்தில் வராத கட்டுரை வீட்டில் வந்தது எப்படி: ஒரு நிகழ்வு ஆய்வு

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு முதல் புகார் வந்தது. வேதியியல் துறை ஆராய்ச்சி மாணவி ஒருவர் நேராக என் மேசைக்கே வந்து மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். திரையில் கட்டுரையின் தலைப்பு இருக்கிறது, சுருக்கம் இருக்கிறது, பி.டி.எஃப். பொத்தானை அழுத்தினால் பணம் கட்டச் சொல்கிறது. "மேடம், நேத்து ராத்திரி வீட்ல இதே கட்டுரையைத் திறந்தேன், நல்லா வந்துச்சு. இப்ப லேப்ல உட்கார்ந்து திறந்தா வரல" என்றார்.

பல்கலைக்கழக நூலகத்தில் மின்வளங்களைக் கவனிப்பது என் வேலை. எனக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை இதற்கு நேர்மாறாக இருக்கும்: வளாகத்தில் வருகிறது, வீட்டில் வரவில்லை. அதற்கான பதில் எனக்குத் தூக்கத்தில்கூடச் சொல்ல வரும். தலைகீழாக ஒன்று வந்ததும் கொஞ்சம் திகைத்துத்தான் போனேன். குக்கீகளை அழித்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள் என்றேன். நேரம் வாங்குவதற்காகச் சொன்னது அது, வேறொன்றும் இல்லை. பத்தரை மணிக்குள் இன்னும் பதினொரு புகார்கள் வந்துவிட்டன. எல்லாம் வளாகத்துக்குள்ளிருந்து, வெவ்வேறு பதிப்பகங்கள், வெவ்வேறு துறைகள்.

என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால், சாதாரண நாளில் இது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் மற்றது தானாகப் புரியும்.

பதிப்பகம் பார்ப்பது ஆளை அல்ல, முகவரியை

ஒரு இதழ்த் தொகுப்புக்கு நூலகம் சந்தா கட்டும்போது, பதிப்பகத்திடம் மாணவர் பட்டியலைக் கொடுப்பதில்லை. கொடுப்பது ஐ.பி. முகவரிப் பட்டியல். "இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை எங்களுடையது" என்று எழுதிக் கொடுக்கிறோம். பதிப்பகத்தின் தளத்துக்கு ஒரு கோரிக்கை வந்தால், அது எந்த முகவரியிலிருந்து வருகிறது என்று அங்குள்ள சர்வர் பார்க்கிறது. பட்டியலில் இருந்தால் கதவு திறக்கும். இல்லாவிட்டால் விலை காட்டும். கடவுச்சொல் எதுவும் கிடையாது. அதனால்தான் வளாகத்தில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு, நூலகம் பணம் கட்டித்தான் இவை வருகின்றன என்பதே தெரியாது. இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த முறைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. நூலகத்துக்கு வெளியாள் ஒருவர் வந்து எங்கள் கணினியில் உட்கார்ந்தால் அவருக்கும் கட்டுரை திறக்கும். பல சந்தா ஒப்பந்தங்களே அப்படி நேரில் வருபவர்களை அனுமதிக்கின்றன. யார் எதைப் படித்தார் என்பதும் பதிப்பகத்துக்குத் தெரியாது. இந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து யாரோ படித்தார் என்பது மட்டும்தான் தெரியும்.

பதிப்பகம் பார்ப்பது எந்த முகவரியை என்பதில்தான் எல்லாரும் தடுக்கி விழுவார்கள். வளாகத்தில் உங்கள் மடிக்கணினிக்கு 10.24.3.118 போல ஒரு முகவரி இருக்கும். 10 என்று தொடங்கும் முகவரிகள் உள்வீட்டுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டவை; உலகில் யார் வேண்டுமானாலும் தங்கள் கட்டடத்துக்குள் அவற்றை வைத்துக்கொள்ளலாம். அதே 10.24.3.118 வேறொரு அலுவலகத்திலும் இருக்கும். ஆகவே அவை பொது இணையத்துக்குள் போக முடியாது. வளாகத்தின் எல்லையில் உள்ள ஃபயர்வால், உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கான உள்முகவரிகளைச் சில பொது முகவரிகளாக மாற்றித்தான் வெளியே அனுப்புகிறது. இந்த மாற்றலுக்கு நாட் என்று பெயர். பதிப்பகத்தின் கண்ணில் படுவது அந்தப் பொது முகவரி மட்டும்.

எங்கள் நிலவரம் இது. உண்மையான எண்களை எழுத முடியாது. எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கிவைத்திருக்கும் முகவரிகளைப் போட்டுக்கொள்கிறேன். எங்களுக்கு 192.0.2.0 முதல் 192.0.2.255 வரை 256 முகவரிகள் இருந்தன. வளாகத்தின் மொத்தக் கூட்டமும் அவற்றில் 64 முதல் 95 வரையான 32 முகவரிகள் வழியாக வெளியே போனது. நூலகத்தின் பிராக்ஸி சர்வருக்கு 192.0.2.10. பதிப்பகங்களிடம் 256-ஐயும் மொத்தமாகப் பதிந்து வைத்திருந்தோம்.

வீட்டிலிருந்து வருபவருக்கு ஏன் பிராக்ஸி

வீட்டில் இருக்கும் மாணவியின் கோரிக்கை அவருடைய இணைய சேவை நிறுவனத்தின் முகவரியோடு போகிறது. 203.0.113.77 என்று வைத்துக்கொள்வோம். பதிப்பகத்துக்கு அது முன்பின் தெரியாத எண். அதையும் பட்டியலில் சேர்த்துவிடலாமே என்று ஆண்டுக்கு ஒருவராவது கேட்பார். சேர்க்க முடியாது. அந்த எண் இன்றைக்கு அவரிடம் இருக்கும், ரூட்டரை அணைத்துப் போட்டால் நாளைக்கு வேறு யாரிடமோ போய்விடும். பல நிறுவனங்களில் ஒரே நேரத்தில் பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன.

எனவே வேறு வழி. மாணவி நேராகப் பதிப்பகத்துக்குப் போகாமல் எங்கள் பிராக்ஸி சர்வரிடம் வருகிறார். சர்வர் அவருடைய பல்கலைக்கழகப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கிறது. சரியாக இருந்தால், அவருக்காகத் தானே போய்ப் பதிப்பகத்திடமிருந்து பக்கத்தை வாங்கிவந்து கொடுக்கிறது. பதிப்பகத்தின் கண்ணில் படுவது 192.0.2.10. அது பட்டியலில் இருக்கிறது, கதவு திறக்கிறது. பதிப்பகம் கேட்கும் கேள்வி "எங்கிருந்து வருகிறாய்". பிராக்ஸி கேட்கும் கேள்வி "நீ யார்". இரண்டாவது கேள்விக்குக் கிடைத்த பதிலை முதல் கேள்விக்கான பதிலாக மாற்றிக் கொடுப்பதுதான் பிராக்ஸியின் முழு வேலையும்.

நூலகங்களில் இதற்கு அதிகம் புழங்கும் மென்பொருள் ஈஸிபிராக்ஸி. அமெரிக்காவில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்த கிறிஸ் ஜாகர் 1999-இல் எழுதியது, 2008-இல் ஓ.சி.எல்.சி. நிறுவனம் வாங்கிக்கொண்டது. நாங்கள் வைத்திருப்பதும் அதுதான். அதன் சாமர்த்தியம், பயனர் தன் கணினியில் எந்த அமைப்பையும் மாற்ற வேண்டாம் என்பது. நூலகப் பக்கத்தில் உள்ள லிங்க் இப்படி இருக்கும்:

```
https://proxy.example.edu/login?url=https://journals.example.com/article/123
```

உள்நுழைந்ததும் உலாவியின் முகவரிப் பட்டையில் இது தெரியும்:

```
https://journals-example-com.proxy.example.edu/article/123
```

பதிப்பகத்தின் பெயரில் இருந்த புள்ளிகள் கோடுகளாகி, பின்னால் எங்கள் சர்வரின் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. உலாவியைப் பொறுத்தவரை அது பேசுவது எங்களோடுதான். பக்கத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு லிங்க்கையும் பிராக்ஸி இதே மாதிரி திருத்தி எழுதிக் கொடுப்பதால், எதை அழுத்தினாலும் மறுபடி எங்கள் வழியாகவே போகும். எந்தெந்தத் தளங்களின் பெயரைத் திருத்த வேண்டும் என்பதை `config.txt` என்ற கோப்பில் ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் எழுதி வைக்கிறோம்:

```
Title Example Journals
URL https://journals.example.com
HJ journals.example.com
DJ example.com
```

தினசரி வரும் தொல்லைகளில் பாதி இந்த நாலு வரியில்தான் பிறக்கின்றன. பதிப்பகம் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் பி.டி.எஃப். கோப்புகளை வேறொரு பெயருள்ள சர்வருக்கு மாற்றிவிடும். அந்தப் பெயர் எங்கள் பட்டியலில் இராது. பிராக்ஸி அந்த லிங்க்கைத் திருத்தாமல் விட்டுவிடும்; மாணவியின் உலாவி அதை அழுத்தியதும் வீட்டு முகவரியோடு நேராகப் போய் நிற்கும். சுருக்கம் வரும், பி.டி.எஃப். வராது. இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், கட்டுரை மறுக்கப்படும் பக்கத்தில் முகவரிப் பட்டையைப் பார்த்தால் போதும். அங்கே நம் சர்வரின் பெயர் இல்லாவிட்டால் பயனர் வழியில் எங்கோ பிராக்ஸியை விட்டு வெளியே விழுந்திருக்கிறார்.

திங்கட்கிழமைப் புகாரில் அது இல்லை. வளாகத்தில் யாரும் பிராக்ஸி வழியாகவே போகவில்லை.

தேடிய விதம்

முதலில் என் மேசைக் கணினியில் நான் வெளியே எந்த முகவரியாகத் தெரிகிறேன் என்று பார்த்தேன். அதைத் தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் குக்கீகளோடு போனது.

```
$ curl https://ifconfig.me
198.51.100.23
```

192.0.2 என்று தொடங்க வேண்டிய இடத்தில் 198.51.100. வலையமைப்புப் பிரிவுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் சாவகாசமாகச் சொன்னார்: "ஆமா மேடம், ஞாயித்துக்கிழமை புது லைனுக்கு மாத்திட்டோம். ஸ்பீடு நல்லாருக்கா?"

இணைய சேவை நிறுவனம் மாறியிருக்கிறது. புது நிறுவனம் 198.51.100.0 முதல் 198.51.100.63 வரை 64 முகவரிகள் கொடுத்திருக்கிறது. வளாகத்திலிருந்து வெளியே போகும் எல்லாப் போக்குவரத்தும் இப்போது அந்த முகவரிகளோடு போகிறது. பதிப்பகங்களுக்கு இந்த எண்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது: வலையமைப்புக்காரர்களைப் பொறுத்தவரை நாட் முகவரி என்பது குழாயின் நிறம் மாதிரி, தண்ணீர் வந்தால் சரி. அந்த நிறத்தைப் பார்த்துத்தான் வெளியே முப்பத்தேழு தளங்கள் எங்களுக்குக் கதவு திறக்கின்றன என்று நாங்களும் அவர்களிடம் எழுத்தில் சொல்லி வைத்ததில்லை.

சரி, வீட்டில் ஏன் வந்தது? சர்வர்களை இன்னும் மாற்றவில்லை. மின்னஞ்சல், இணையதளம், பிராக்ஸி எல்லாம் பழைய லைனிலேயே இருந்தன; அவற்றின் முகவரியை மாற்றினால் பெயர்ப்பதிவுகள் எல்லாவற்றையும் திருத்த வேண்டும் என்பதால் மூன்று மாதம் கழித்துச் செய்வதாகத் திட்டம். ஆகவே பிராக்ஸி இன்னும் 192.0.2.10 ஆகவே வெளியே போய்க்கொண்டிருந்தது. பதிப்பகங்கள் அதை அடையாளம் கண்டன. வீட்டில் இருந்தவர்கள் வளாகத்தினர் ஆனார்கள், வளாகத்தில் இருந்தவர்கள் வெளியாட்கள் ஆனார்கள்.

இதோடு முடிந்திருந்தால் எளிது. வளாகத்தில் இருப்பவர்களையும் பிராக்ஸி லிங்க் வழியாகப் போகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மாணவியிடம் அந்த லிங்க்கைக் கொடுத்தேன். அழுத்தினார். கடவுச்சொல் கேட்கவே இல்லை. நேராகப் பதிப்பகத்தின் பக்கத்துக்குப் போய், மறுபடி விலைப் பட்டியலில் நின்றது.

காரணம் எங்கள் `config.txt`-இல் பல ஆண்டுகளாக இருந்த ஒரு வரி:

```
ExcludeIP 10.0.0.0-10.255.255.255
```

இதன் பொருள்: இந்த முகவரிகளிலிருந்து யாராவது வந்தால் அவர் வளாகத்தில்தான் இருக்கிறார்; அவருக்குப் பிராக்ஸி தேவையில்லை; நேராகப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிடு. நல்ல எண்ணத்தில் எழுதிய வரி. ஒரே லிங்க்கை வீட்டிலும் வளாகத்திலும் பயன்படுத்தலாம், வளாகத்தில் இருப்பவர் கடவுச்சொல் அடிக்க வேண்டாம், சர்வருக்கும் சுமை குறைவு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பிராக்ஸி சர்வர் வளாகத்துக்குள்ளேயே இருப்பதால், உள்ளே இருந்து வருபவர்களின் முகவரியை அது நாட் மாற்றலுக்கு முன்னாலேயே, 10 என்று தொடங்கும் உள்முகவரியாகவே பார்க்கிறது. பதிப்பகம் பார்ப்பது நாட் மாற்றலுக்குப் பின்னால் உள்ள பொது முகவரியை. ஆக, "வளாகம்" என்பதற்கு இரண்டு பட்டியல்கள். ஒன்று எங்கள் கோப்பில், இன்னொன்று பதிப்பகத்தின் தரவுத்தளத்தில். எங்கள் பட்டியல் "நீ உள்ளாள், பிராக்ஸி வேண்டாம், போ" என்கிறது. பதிப்பகத்தின் பட்டியல் "உன்னைத் தெரியாது" என்கிறது. இரண்டும் தத்தம் அளவில் சரி. நடுவில் மாட்டிக்கொண்டவர் மாணவி.

இந்தக் கண்டுபிடிப்பை உறுதிப்படுத்தியது ஒரு விதிவிலக்கு. இயற்பியல் துறையின் பழைய ஆய்வகக் கட்டடத்திலிருந்து ஒரு புகார்கூட இல்லை. அந்தக் கட்டடத்தின் வலையமைப்பு ஸ்விட்ச் பழசு என்பதால் அதை ஞாயிற்றுக்கிழமை மாற்றாமல் விட்டிருந்தார்கள். அது இன்னும் பழைய லைனில் போய்க்கொண்டிருந்தது. அங்கே போய் `curl` அடித்தபோது 192.0.2.71 வந்தது. கட்டுரையும் வந்தது.

வி.பி.என். போதாதா?

வலையமைப்புப் பிரிவினர் முதலில் சொன்ன யோசனை, எல்லாரையும் வி.பி.என். வழியாக வரச் சொல்லுங்கள் என்பது. வி.பி.என். என்பது வெளியிலிருக்கும் கணினியைப் பல்கலைக்கழக வலையமைப்போடு இணைக்கும் ஒரு மறைவான சுரங்கம். சாதாரண நாளிலும் இந்த யோசனை அடிக்கடி வரும். அது எங்கே உதவாது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வி.பி.என். பாதி வழி வகை. பல்கலைக்கழகத்தின் உள் சர்வர்களுக்குப் போகும் போக்குவரத்தை மட்டும் சுரங்கத்துக்குள் அனுப்பும். மற்றதெல்லாம் வீட்டு இணையம் வழியாக நேரே போகும். சுரங்கத்தில் நெரிசல் வேண்டாம் என்று அப்படி அமைத்திருக்கிறார்கள். இதழ்த் தளம் பல்கலைக்கழகத்தின் உள் சர்வர் இல்லை. ஆகவே வி.பி.என். பச்சை விளக்கு காட்டினாலும் பதிப்பகம் பார்ப்பது வீட்டு முகவரியைத்தான். "வி.பி.என். போட்டுட்டேன், ஆனாலும் வரல" என்ற புகாரில் எப்போதும் இதுதான் இருக்கும். முழுப் போக்குவரத்தையும் சுரங்கத்துக்குள் அனுப்பினால் வேலை செய்யும். ஆனால் அந்தத் திங்கட்கிழமை அதுவும் உதவியிருக்காது: சுரங்கத்திலிருந்து வெளியே வரும் வாசல் புது லைனில் இருந்தது.

நான் செய்த தற்காலிகச் சரிக்கட்டல்

முறையான தீர்வு முப்பத்தேழு தளங்களிலும் புது முகவரிகளைப் பதிவது. பெரிய பதிப்பகங்களில் நூலகருக்கென்று நிர்வாகப் பக்கம் இருக்கும். அங்கே நாமே சேர்க்கலாம். சேர்த்த சில நிமிடங்களில் வேலை செய்வதும் உண்டு, மறுநாள் வரை காத்திருக்க வேண்டியதும் உண்டு. சிலவற்றில் படிவம் நிரப்ப வேண்டும். மற்றவற்றுக்கு மின்னஞ்சல் எழுதி, அங்கே ஒரு மனிதர் படித்து, முகவரிகள் உண்மையில் எங்களுடையவைதானா என்று சரிபார்த்து, அப்புறம்தான் சேர்ப்பார். திங்கள் மாலைக்குள் பதினான்கு முடிந்தது. மிச்சம் இருபத்துமூன்று.

அதுவரை வளாகத்தினரையும் பிராக்ஸி வழியாக அனுப்ப முடிவு செய்தேன். அந்த ஒரு வரியை இப்படி மாற்றினேன்:

```
AutoLoginIP 10.0.0.0-10.255.255.255
```

இப்போது வளாகத்திலிருந்து வருபவர் பிராக்ஸி வழியாகவே போவார், ஆனால் கடவுச்சொல் கேட்காது; முகவரியைப் பார்த்துத் தானாக உள்ளே விட்டுவிடும். சர்வரை நிறுத்தித் தொடங்கினேன். மாணவியின் கட்டுரை திறந்தது. செவ்வாய்க்கிழமை முழுக்க ஒரு புகாரும் இல்லை. எனக்கே என்மேல் கொஞ்சம் மதிப்பு வந்தது.

புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு பெரிய தளம் மொத்தமாக மூடிக்கொண்டது. வளாகத்திலும் இல்லை, வீட்டிலும் இல்லை. பத்து நிமிடத்தில் பதிப்பகத்திடமிருந்து மின்னஞ்சல்: 192.0.2.10 என்ற முகவரியிலிருந்து நாற்பது நிமிடங்களில் சுமார் 1,900 பி.டி.எஃப். இறக்கப்பட்டிருக்கின்றன; இது ஒப்பந்தத்தை மீறிய தொகுப்பு இறக்கம் போலத் தெரிகிறது; அந்த முகவரியை நிறுத்திவைத்திருக்கிறோம்; யார் என்று கண்டுபிடித்துத் தெரிவியுங்கள்.

பதிப்பகங்கள் இப்படிக் கண்காணிப்பது வழக்கம்தான். மாணவர் ஒருவரின் கடவுச்சொல் திருடுபோய், யாரோ இதழ்களை அடியோடு வாரிக்கொண்டு போவது எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் தெரிந்த ஆபத்து. அப்படி நடந்தால் நூலகம், வந்துபோனவர்களைப் பற்றிச் சர்வர் எழுதிவைக்கும் லாகைப் பார்த்து, எந்தப் பயனர் பெயர் என்று கண்டுபிடித்து, அதை முடக்கி, பதிப்பகத்துக்குப் பதில் எழுதும். பெயரைப் பதிப்பகத்துக்குச் சொல்வதில்லை. முடக்கிவிட்டோம் என்று மட்டும் சொல்வோம். நானும் லாகைத் திறந்தேன்.

```
10.24.3.118 - auto [16/Aug/2023:14:12:07 +0530] "GET https://journals.example.com:443/pdf/8841 HTTP/1.1" 200 1184302
```

பயனர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் `auto`. ஆயிரத்துத் தொள்ளாயிரம் வரியிலும் `auto`. நான் திங்கட்கிழமை மாற்றிய வரியின் விளைவு அது. கடவுச்சொல் கேட்காமல் உள்ளே விட்டால், யார் வந்தார் என்று எழுத லாகில் பெயர் எங்கிருந்து வரும்?

நல்லவேளையாக உள்முகவரி இருந்தது. எல்லா வரிகளிலும் அதே 10.24.3.118. அந்த நேரத்தில் அந்த எண் எந்தக் கணினியிடம் இருந்தது என்று வலையமைப்புப் பிரிவு தன் பதிவுகளிலிருந்து எடுத்துத் தர இரண்டு மணி நேரம் ஆனது. பொதுச் சுகாதாரத் துறை ஆராய்ச்சி மாணவர் ஒருவர். திருட்டெல்லாம் இல்லை. ஆய்வுக் கட்டுரைகளை மொத்தமாகத் தொகுத்து அலசும் வேலையில் இருந்தார். மேற்கோள்களைச் சேமிக்கும் மென்பொருளில் ஏறக்குறைய இரண்டாயிரம் கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து, "முழுப் பாடத்தைத் தேடு" என்ற பொத்தானை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். எங்கள் பிராக்ஸி முகவரியை அந்த மென்பொருளில் முறையாக அமைத்தும் வைத்திருந்தார். அவரைப் பார்க்கப் போனபோது பயந்துபோயிருந்தார். "உங்க மேல ஒரு தப்பும் இல்ல தம்பி, வேகம்தான் பிரச்சினை. நூறு நூறா எடுங்க, நடுவுல இடைவெளி விடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சேதத்தின் அளவைத்தான் நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். இதே மாணவர் இதே பொத்தானை ஒரு மாதம் முன்னால் வளாகத்திலிருந்து அழுத்தியிருந்தால், அவருடைய கோரிக்கைகள் 32 நாட் முகவரிகளில் ஒன்றிலிருந்து போயிருக்கும். பதிப்பகம் அந்த ஒன்றை மூடியிருக்கும். வளாகத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கினருக்கு இடைஞ்சல். வீட்டிலிருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நான் வளாகம் முழுவதையும் ஒரே முகவரிக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன். பிராக்ஸியின் பலமும் பலவீனமும் ஒன்றுதான்: ஆயிரம் பேர் ஒரே ஆளாகத் தெரிவார்கள். அந்த ஒரே ஆள் தவறு செய்தால் ஆயிரம் பேருக்கும் கதவு மூடும்.

அன்று மாலையே `AutoLoginIP` வரியை எடுத்தேன். `ExcludeIP`-ஐயும் திரும்பப் போடவில்லை. எந்த வரியும் இல்லாவிட்டால், வளாகத்திலிருந்து வருபவரும் வீட்டிலிருந்து வருபவரைப் போலவே கடவுச்சொல் அடித்துத்தான் போக வேண்டும். பேராசிரியர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் லாகில் பெயர் வரத் தொடங்கியது. திங்கட்கிழமையே இதைத்தான் செய்திருக்க வேண்டும். ஒரு கடவுச்சொல்லைத் தவிர்க்கப் பார்த்து அடையாளத்தை இழந்தேன். பதிப்பகம் மறுநாள் காலை தடையை நீக்கியது. அடுத்த எட்டு நாட்களில் மிச்சமிருந்த தளங்களும் புது முகவரிகளை ஏற்றுக்கொண்ட பிறகு `ExcludeIP` வரியைத் திரும்பச் சேர்த்தேன்.

அதற்குப் பிறகும் இரண்டொருவருக்கு மட்டும் வளாகத்தில் கட்டுரை வரவில்லை. ஒரே கணினியில் ஒரு உலாவியில் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை என்றார்கள். அந்த உலாவியில் முகவரியை மறைக்கும் தனியுரிமை வசதி இயங்கிக்கொண்டிருந்தது. அது கோரிக்கையை வேறொரு இடைச் சர்வர் வழியாக அனுப்புவதால் பதிப்பகத்துக்கு எங்கள் முகவரியே தெரிவதில்லை. இரண்டு உலாவிகளிலும் வெளி முகவரியைப் பார்த்தால் இரு வேறு எண்கள் வரும், அதுதான் அடையாளம். முகவரியை நம்பும் முறைக்கு இனிமேல் இந்தத் தொல்லை கூடும், குறையாது.

பாதிக்கப்படாத ஒன்பது

முப்பத்தேழு தளங்களில் ஒன்பது தளங்களில் நூலகத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. அங்கே "உங்கள் நிறுவனம் வழியாக உள்நுழைக" என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் பதிப்பகம் பயனரை எங்கள் பல்கலைக்கழகத்தின் உள்நுழைவுப் பக்கத்துக்கு அனுப்பும். அங்கே கடவுச்சொல் சரியாக இருந்தால் பல்கலைக்கழகம் ஒரு கையொப்பமிட்ட சான்றைப் பதிப்பகத்துக்குக் கொடுக்கும். அதில் ஆளின் பெயர் இருக்க வேண்டியதில்லை. `member@example.edu` என்ற அளவுக்கு இருந்தால் போதும். ஷிபொலெத் போன்ற மென்பொருள்கள் இதைத்தான் செய்கின்றன. முகவரிக்கு இங்கே வேலையே இல்லை. அந்த வாரம் முழுக்க இந்த ஒன்பதையும் அந்தப் பொத்தான் வழியாகத் திறந்தவர்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் இதற்கு மாற்றிவிடலாமே என்று துறைத்தலைவர் ஒருவர் கேட்டார். சிறு பதிப்பகங்கள், அறிஞர் சங்கங்களின் இதழ்கள் பலவற்றில் இந்த வசதி இல்லை. இருக்கும் இடத்திலும் பொத்தானைக் கண்டுபிடித்து, நீண்ட பட்டியலில் தன் பல்கலைக்கழகத்தைத் தேடி எடுப்பதற்குள் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். நேரில் வந்து நூலகக் கணினியில் உட்காரும் வெளியாளுக்குக் கணக்கே கிடையாது. ஆகவே முகவரிப் பட்டியல் இப்போதைக்குப் போகாது.

மூன்று மாதம் கழித்து

சர்வர்கள் புது லைனுக்கு மாறும் நாள் வந்தது. இம்முறை பிராக்ஸியின் முகவரியே மாறும்: 192.0.2.10 போய் 198.51.100.10 வரும். மறந்திருந்தால் இந்தத் தடவை வீட்டிலிருப்பவர்கள் வெளியே நின்றிருப்பார்கள். 64-ஐயும் முதலிலேயே மொத்தமாகப் பதிந்திருந்ததால் புதிதாக எதுவும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் இரண்டு நாள் முன்னால் வலையமைப்புப் பிரிவிடம் கேட்டு ஒரு சோதனைக் கணினிக்கு 198.51.100.10 கொடுக்கச் செய்து, முப்பத்தேழு தளங்களிலும் ஒவ்வொரு பி.டி.எஃப். இறக்கிப் பார்த்தேன். தளத்தின் முகப்பு திறக்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. அது யாருக்கும் திறக்கும். சந்தா உள்ள இதழில், இலவசமாக விடப்படாத ஒரு கட்டுரையின் முழுப் பாடத்தைத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு தளங்கள் மறுத்தன. ஒன்றில் 0 முதல் 63 வரை என்பதற்குப் பதிலாக 16 முதல் 63 வரை என்று யாரோ தட்டச்சு செய்திருந்தார்கள். இன்னொன்றில் எங்கள் சோதனைக் கணக்கில் பதிந்துவிட்டு உண்மைக் கணக்கை விட்டுவிட்டார்கள்.

மாற்றம் முடிந்ததும் பழைய 256 முகவரிகளை எல்லாத் தளங்களிலிருந்தும் எடுக்கச் சொல்லி எழுதினேன். பழைய நிறுவனம் அவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு யாருக்காவது கொடுத்துவிடும். எடுக்காமல் விட்டால் அந்த வேறு யாரோ எங்கள் சந்தாவில் படிப்பார். அவர் செய்யும் இறக்கங்களுக்கு எங்களிடம் விளக்கம் கேட்பார்கள்.

அப்படி ஒவ்வொரு தளத்தின் பதிவையும் திறந்து பார்க்கும்போது ஒன்றில் மூன்றாவதாக ஒரு முகவரித் தொகுதி இருந்தது. 192.0.2-உம் இல்லை, 198.51.100-உம் இல்லை. வலையமைப்புப் பிரிவில் கேட்டேன். அங்கேயே மூத்தவர் ஒருவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "அது நம்ம பழைய லைனுக்கும் முந்தின லைன் மேடம். விட்டு பதினோரு வருஷம் ஆச்சு." யாரிடம் இருக்கிறது என்று பதிவேட்டில் பார்த்தேன். ஏதோ ஒரு வாடகை சர்வர் நிறுவனத்தின் பெயரில் இருந்தது. அந்தத் தளத்தின் பயன்பாட்டு அறிக்கை எங்களிடம் ஆண்டுதோறும் வரும். அதைக் காட்டித்தான் அதன் சந்தாவை ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கிறோம். அந்த எண்ணிக்கையில் எவ்வளவு எங்கள் வாசகர்களுடையது என்று அறிக்கையைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. தொகுதியை நீக்கச் சொல்லி எழுதிவிட்டேன். அடுத்த ஆண்டு அறிக்கைக்காகக் காத்திருக்கிறேன்.